மலப் பரிசோதனையில் சிஸ்ட், ட்ரோபோசோயிட்: தண்ணீரால் வரும் ஒட்டுண்ணிப் பேதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கு என்றாலே காலரா மாதிரி பாக்டீரியாதானே? இதில் ஒட்டுண்ணி எங்கே வந்தது?

பாக்டீரியாவும் வைரஸும்தான் அதிகம். ஆனால் ஓரணு உயிரிகளான புரோட்டோசோவாக்களும் தண்ணீர் வழியே குடலுக்குள் வந்து பேதியை உண்டாக்கும். அவற்றில் முக்கியமானவை மூன்று: ஜியார்டியா, எண்டமீபா ஹிஸ்டோலிடிகா, கிரிப்டோஸ்போரிடியம்.

மூன்றும் ஒரே மாதிரி நோயைத் தருவதில்லை. ஜியார்டியா சிறுகுடலின் மேல்பகுதியில் ஒட்டிக்கொண்டு, கொழுப்பு செரிக்காமல் போகச் செய்யும். வயிறு உப்பும், கெட்ட வாடையோடு ஏப்பம் வரும், மலம் பிசுபிசுப்பாக எண்ணெய்ப் பசையோடு போகும். இது வாரக்கணக்கில் இழுக்கும். எண்டமீபா பெருங்குடலில் குடியிருக்கும். குடல் சுவரைத் துளைத்துப் புண்ணாக்கினால் சளியும் ரத்தமுமாகப் போகும். சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வரை கொண்டுபோய்விடும். கிரிப்டோஸ்போரிடியம் தண்ணீர் தண்ணீராகப் போகவைக்கும். உடல் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ரிப்போர்ட்டில் ஒருவருக்கு "சிஸ்ட்" என்று இருக்கிறது, இன்னொருவருக்கு "ட்ரோபோசோயிட்" என்று இருக்கிறது. ரெண்டும் வேறு வேறு கிருமியா?

இல்லை, ஒரே கிருமியின் இரண்டு நிலைகள். ட்ரோபோசோயிட் என்பது செயல்நிலை. நகரும், தின்னும், இரண்டாகப் பிரிந்து பெருகும், நோயை உண்டாக்கும். சிஸ்ட் என்பது உறைநிலை. தன்னைச் சுற்றிக் கெட்டியான சுவர் கட்டிக்கொண்டு, தின்னாமல், நகராமல், அடுத்த ஆளின் குடலுக்குப் போகும்வரை காத்திருக்கும்.

ஜியார்டியாவில் இந்த மாற்றம் சிறுகுடலின் கீழ்ப்பகுதியை நோக்கி இறங்கும்போது தொடங்குகிறது. அங்கே பித்த உப்புகளின் சூழல் அதைத் தூண்டுகிறது. எண்டமீபாவில் பெருங்குடலில் நடக்கிறது. சுவர் கட்டியபின் உள்ளே உட்கரு பிரிகிறது. அதனால்தான் ஜியார்டியாவின் ட்ரோபோசோயிட்டில் இரண்டு உட்கரு, முதிர்ந்த சிஸ்டில் நான்கு. எண்டமீபா ஹிஸ்டோலிடிகாவின் ட்ரோபோசோயிட்டில் ஒன்று, முதிர்ந்த சிஸ்டில் நான்கு. யாராவது அந்த சிஸ்டை விழுங்கினால் அது வயிற்று அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலில் திறக்கும். ஒரு ஜியார்டியா சிஸ்டிலிருந்து இரண்டு ட்ரோபோசோயிட் வெளிவரும். ஒரு எண்டமீபா சிஸ்டிலிருந்து கடைசியில் எட்டு இளம் அமீபாக்கள் கிடைக்கும்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடல் அவசரப்பட்டால், அதாவது கடும் பேதியாக இருந்தால், கிருமிக்குச் சுவர் கட்ட நேரம் கிடைப்பதில்லை. ட்ரோபோசோயிட்டாகவே வெளியே வந்துவிடும். மலம் மெதுவாக நகர்ந்து கெட்டிப்பட்டு வந்தால் சிஸ்டாக வரும். ஆகவே தண்ணீராகப் போகும் மலத்தில் ட்ரோபோசோயிட்டையும், கெட்டி மலத்தில் சிஸ்டையும், நடுத்தரமானதில் இரண்டையும் எதிர்பார்க்கிறோம். லேபில் டப்பாவைத் திறந்ததும் மலம் கெட்டியா, இளக்கமா, தண்ணீரா என்று முதலில் எழுதிவைப்பது இதற்காகத்தான்.

தண்ணீரில் வருவது இதில் எது?

சிஸ்ட் மட்டும்தான். ட்ரோபோசோயிட் உடலுக்கு வெளியே அதிக நேரம் பிழைக்காது. தப்பித்தவறி விழுங்கப்பட்டாலும் வயிற்று அமிலம் கொன்றுவிடும். அதனால் நடப்பதில் ஒரு முரண் இருக்கிறது: படுத்த படுக்கையாகத் தண்ணீராகப் போகும் நோயாளி ட்ரோபோசோயிட்டையே பெரும்பாலும் வெளியேற்றுவார். ஒரு தொந்தரவும் இல்லாமல் கெட்டியாக மலம் கழிக்கும் ஒருவர் தினமும் ஏராளமான சிஸ்டுகளை வெளியே விட்டுக்கொண்டிருப்பார். பரவலுக்கு இந்த இரண்டாவது ஆள்தான் பெரிய காரணம்.

ஜியார்டியா சிஸ்ட் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று மாதம்கூட உயிரோடு இருக்கும். 10 முதல் 25 சிஸ்ட் உள்ளே போனாலே தொற்று வந்துவிடும் என்பது 1954இல் வெளியான ஆய்விலேயே தெரிந்துபோனது. கழிவுநீர்க் குழாயில் ஒரு கசிவு, பக்கத்தில் குடிநீர்க் குழாயில் ஒரு விரிசல், இரண்டுக்கும் நடுவே ஈர மண் என்று இருந்தால் இவ்வளவு குறைந்த எண்ணிக்கை வந்துசேர்வது கஷ்டமே இல்லை.

கிரிப்டோஸ்போரிடியத்தின் உறைநிலைக்கு ஊசிஸ்ட் என்று பெயர். அது மலத்தோடு வெளிவரும்போதே தொற்றத் தயாராக இருக்கும். வெளியே கிடந்து பக்குவப்பட வேண்டியதில்லை.

குளோரின் போட்ட கார்ப்பரேஷன் தண்ணீரில் இதெல்லாம் செத்துப்போகாதா?

பாக்டீரியா சாகும். சிஸ்ட் அவ்வளவு எளிதில் சாகாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் நீச்சல்குளங்களுக்காகக் கொடுத்திருக்கும் கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருக்கும் தண்ணீரில் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செயலிழக்கிறது. ஜியார்டியாவுக்கு ஏறக்குறைய 45 நிமிடம் ஆகிறது. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 15,300 நிமிடம், அதாவது பத்து நாளுக்கும் மேல். அவ்வளவு நேரம் எந்தக் குடிநீர்த் தொட்டியிலும் தண்ணீர் நிற்பதில்லை. இவற்றை நிறுத்த வேண்டியது வடிகட்டல்தான். அது பிசகினால் என்ன ஆகும் என்பதை மில்வாக்கி காட்டியது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் நகரம் அது. 1993 மார்ச் கடைசி வாரத்தில், நகரின் தெற்குச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் வழக்கத்தைவிடக் கலங்கல் கூடியது. குளோரின் அளவு விதிப்படி இருந்தது. பாக்டீரியாச் சோதனையிலும் குறை தெரியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஊர் முழுக்கப் பேதி. பள்ளிக்கு ஆசிரியர் வரவில்லை, மருத்துவமனையில் ஊழியர் வரவில்லை. ஏப்ரல் 5 அன்று மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. ஏப்ரல் 7 அன்று இரண்டு ஆய்வகங்கள் 7 பெரியவர்களின் மலத்தில் கிரிப்டோஸ்போரிடியம் ஊசிஸ்ட் இருப்பதைக் கண்டன. அன்றே கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 9 அன்று அந்த நிலையம் மூடப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 4,03,000 பேர் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்த நோயோடு தொடர்புடைய மரணங்கள் 50ஐத் தாண்டின. இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள்.

அந்த நாட்களில் குழாயில் வந்த தண்ணீரின் சாம்பிளை அப்போது யாரும் எடுத்துவைத்திருக்கவில்லை. ஆனால் ஓர் ஐஸ் தொழிற்சாலை அதே தண்ணீரில் செய்த பெரிய ஐஸ் கட்டிகள் இருந்தன. அவற்றை உருக்கிப் பார்த்தபோது உள்ளே ஊசிஸ்ட் கிடைத்தது. அந்த ஏப்ரல் 7 கண்டுபிடிப்புக்கு ஒரு குறிப்பிட்ட சாயம் தேவைப்பட்டது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சாம்பிளை அரை மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுத்தால் என்ன?

சிஸ்ட் தாங்கும், ட்ரோபோசோயிட் தாங்காது. தண்ணீராகப் போன மலத்தைப் போன 30 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இளக்கமாக இருந்தால் ஒரு மணி நேரம். கெட்டியாக இருந்தால் அன்றைக்குள் பார்த்தால் போதும். அதில் சிஸ்ட்தான் இருக்கும், அதை ஃபிரிட்ஜில் வைக்கலாம். பேதி மலத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் ட்ரோபோசோயிட்டின் அசைவு நின்று, உருண்டு, கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும். பிறகு எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அது வெறும் சிதறலாகத்தான் தெரியும். இன்னொன்று: டப்பாவுக்குள் ட்ரோபோசோயிட் சிஸ்டாக மாறிக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். மாறாது. அந்த மாற்றம் குடலுக்குள்தான் நடக்கும்.

சிறுநீர் கலந்தாலும் ட்ரோபோசோயிட் செத்துவிடும். கழிப்பறைத் தண்ணீர் கலந்தால் அதோடு, மண்ணிலும் நீரிலும் தானாக வாழும் ஓரணு உயிரிகள் உள்ளே வந்து பார்ப்பவரைக் குழப்பும். ஆகவே சுத்தமான, உலர்ந்த, வாயகன்ற டப்பாவில் நேராக எடுங்கள். ரத்தமோ சளியோ இருந்தால் அந்தப் பகுதியையே எடுங்கள். அமீபா ட்ரோபோசோயிட் இருக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

நேரத்தில் கொண்டுபோக முடியாத தூரமென்றால் லேபில் முன்கூட்டியே கேட்டுப் பாதுகாப்புத் திரவம் ஊற்றிய டப்பாவை வாங்கிவைத்துக்கொள்ளலாம். 10 சதவீத ஃபார்மலின் சிஸ்டை நன்றாகக் காக்கும். ட்ரோபோசோயிட்டை நிரந்தரச் சாயத்தில் பார்க்க வேண்டுமானால் பிவிஏ போன்ற வேறு திரவம் வேண்டும். எதில் போட்டாலும் அசைவு மட்டும் போய்விடும்.

ஒரு துளி மலத்தை வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

ஒரே ஸ்லைடின் இரண்டு பக்கத்தில் இரண்டு துளி வைக்கிறோம். இடப்பக்கம் 0.85 சதவீத சலைன், வலப்பக்கம் லூகால்ஸ் அயோடின். குச்சியின் நுனியில் ஏறக்குறைய 2 மில்லிகிராம் மலத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் கலந்து கவர்ஸ்லிப் போடுகிறோம். ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தடிமன் அதிகம், கிருமி குப்பைக்கு அடியில் மறைந்துகொள்ளும். மிக மெல்லியதாக இருந்தால் பார்ப்பதற்கே ஒன்றும் இருக்காது.

சலைன் பக்கம் அசைவைப் பார்ப்பதற்கு. கிருமி அங்கே உயிரோடு இருக்கும். அயோடின் பக்கம் உள் அமைப்பைப் பார்ப்பதற்கு. அயோடின் பட்டதும் கிருமி செத்துவிடும். ஆனால் உட்கருக்கள் எடுப்பாகத் தெரியும், இளம் சிஸ்டுக்குள் இருக்கும் கிளைகோஜன் பழுப்பாகத் தெரியும். ட்ரோபோசோயிட்டை அயோடினில் தேடுவதும், சிஸ்டின் உட்கருவைச் சலைனில் எண்ண முயல்வதும் வீண் வேலை. 10 மடங்கு லென்ஸில் கவர்ஸ்லிப் முழுவதையும் வரிவரியாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, சந்தேகமான இடத்தில் 40க்கு மாற்றுகிறோம். வெளிச்சத்தைக் குறைத்துவைப்பது முக்கியம். நிறமில்லாத ட்ரோபோசோயிட் பளிச்சென்ற வெளிச்சத்தில் கரைந்துபோன மாதிரி ஆகிவிடும்.

இந்த வேலையின் ஆரம்பம் மிகப் பழையது. 1681இல் டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹுக், தனக்கே வயிற்றுப்போக்கு வந்தபோது தன் மலத்தைத் தானே செய்த லென்ஸில் பார்த்து, துடிப்பாக நகரும் சிற்றுயிர்களைப் பற்றிக் கடிதம் எழுதினார். அது ஜியார்டியா என்றுதான் இன்று கருதுகிறார்கள். பேதி மலம், உடனே பார்த்தது, அதனால் செயல்நிலை தெரிந்தது. மேலே சொன்ன விதிகள் எல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே அடங்கியிருக்கின்றன.

ஜியார்டியாவையும் அமீபாவையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்?

ட்ரோபோசோயிட் நிலையில் அசைவே பாதி விடை. ஜியார்டியா பேரிக்காய் வடிவம், நீளம் 10 முதல் 20 மைக்ரான். நான்கு ஜோடிச் சாட்டை இழைகளோடு, காற்றில் இலை விழுவதுபோலப் புரண்டு புரண்டு போகும். சாயம் போட்ட ஸ்லைடில் இரண்டு உட்கருவும் எதிரே நின்று நம்மைப் பார்க்கும் இரண்டு கண்கள் போலவே இருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

எண்டமீபா ஹிஸ்டோலிடிகா அப்படியில்லை. கண்ணாடி போன்ற தெளிவான ஒரு போலிக்காலைச் சட்டென்று ஒரு திசையில் நீட்டி, அந்தத் திசையிலேயே உடலை இழுத்துக்கொண்டு போகும். குடலில் தீங்கில்லாமல் வாழும் எண்டமீபா கோலையின் அசைவு மந்தமானது, திசை இருக்காது. உருவத்தைப் பார்த்தே ஹிஸ்டோலிடிகாதான் என்று துணிந்து சொல்ல உதவும் முக்கியமான அடையாளம் ஒன்று இருக்கிறது: ட்ரோபோசோயிட்டுக்குள் விழுங்கப்பட்ட சிவப்பணுக்கள். அதற்குப் புத்தம்புது சாம்பிள் வேண்டும்.

சிஸ்ட் நிலையில் அசைவு இல்லை, ஆகவே அளவும் உட்கருவும்தான் கணக்கு. ஜியார்டியா சிஸ்ட் முட்டை வடிவம், நீளம் பெரும்பாலும் 11 முதல் 14 மைக்ரான், நான்கு உட்கருவும் ஒரு முனைப்பக்கம் சேர்ந்திருக்கும். நடுவே நீளவாக்கில் இழைகள் ஓடும். ஹிஸ்டோலிடிகா சிஸ்ட் உருண்டை, பெரும்பாலும் 12 முதல் 15 மைக்ரான், உட்கரு நான்குக்கு மேல் போகாது. எண்டமீபா கோலையின் சிஸ்ட் பொதுவாக அதைவிடப் பெரியது, உட்கரு எட்டு. ஃபோகஸை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால்தான் எல்லா உட்கருவும் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரே தளத்தில் பார்த்து "நான்கு" என்று எழுதினால் கோலை, ஹிஸ்டோலிடிகா ஆகிவிடும்.

என் ஆறு வயது மகனுக்கு மூன்று வாரமாக இளக்கமாகப் போகிறது, வயிறு உப்புகிறது. மோஷன் டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது. திரும்ப எடுக்கச் சொல்கிறார் டாக்டர். ஏன் இந்த அலைச்சல்?

டாக்டர் சொல்வது சரி. நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஜியார்டியா. அது எல்லா நாளும் ஒரே அளவில் வெளிவருவதில்லை. சில நாள் ஸ்லைடு நிறைய இருக்கும், அடுத்த சில நாள் தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் பத்து நாளுக்குள், ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று சாம்பிள் கேட்கிறோம். ஒரு சாம்பிளில் பிடிபடும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் தப்புவதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "ஒட்டுண்ணி இல்லை" என்று முடிவுகட்டுவது எனக்கு ஒப்பாத வழக்கம். மூன்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சே எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட குழந்தையின் சாம்பிள்கள் லேபில் எப்படிப் போகும் என்று படிப்படியாகச் சொல்கிறேன். முதல் சாம்பிள் இளக்கமானது, காலை ஆறு மணிக்குப் போனது, ஒன்பதுக்கு லேபுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் ஆகிவிட்டதால் ட்ரோபோசோயிட் இருந்திருந்தாலும் சிதைந்திருக்கும். சிஸ்டும் அன்று குறைவாக இருந்திருக்கலாம். சலைன், அயோடின் இரண்டிலும் ஒன்றும் இல்லை. இது நியாயமான நெகட்டிவ் அல்ல, தாமதம் கொடுத்த நெகட்டிவ்.

மூன்றாம் நாள் இரண்டாவது சாம்பிள் கொஞ்சம் கெட்டியாக வருகிறது. நேரடி ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை. 2 மில்லிகிராமில் இல்லையென்றால் 1 கிராமில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் செறிவூட்டல். 1 கிராம் மலத்தை 10 சதவீத ஃபார்மலினில் கரைத்து, சல்லடைத் துணியில் வடித்து, ஈதரோ எத்தில் அசிடேட்டோ சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறோம். குழாயில் நான்கு அடுக்கு பிரிந்து நிற்கும்: மேலே ஈதர், அடுத்து கொழுப்பும் குப்பையும் சேர்ந்த அடைப்பு, அதற்குக் கீழே ஃபார்மலின், அடியில் வண்டல். குச்சியால் அடைப்பைச் சுற்றிலும் விடுவித்து மேல் மூன்றையும் ஒரே சாய்ப்பில் கொட்டிவிட்டு, வண்டலை ஸ்லைடில் வைக்கிறோம். சிஸ்டுகள் அதில்தான் சேர்ந்திருக்கும். ட்ரோபோசோயிட் இந்த முறையில் மிஞ்சாது. ஆகவே பேதி மலத்துக்குச் செறிவூட்டலை மட்டும் செய்துவிட்டு நேரடி ஸ்லைடை விட்டுவிடக் கூடாது.

வண்டலின் அயோடின் ஸ்லைடில் முட்டை வடிவில் ஒன்று தெரிகிறது. ஈஸ்டாகவும் இருக்கலாம், ஆகவே அளக்கிறோம். எங்கள் கண்வில்லையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 40 மடங்கு லென்ஸில் அதன் 40 கோடுகள், அளவு தெரிந்த ஸ்லைடின் 100 மைக்ரானோடு பொருந்தினால் ஒரு கோடு 2.5 மைக்ரான். நம் முட்டையின் நீளம் 5 கோடு, அதாவது 12.5 மைக்ரான். அகலம் மூன்றரைக் கோடு, ஏறக்குறைய 9 மைக்ரான். ஈஸ்ட் பொதுவாக இவ்வளவு பெரிதாக இராது, அதற்குள் நான்கு உட்கருவும் இராது. ஃபோகஸை நகர்த்தினால் மூன்று உட்கரு தெளிவாகத் தெரிகிறது, நான்காவது அடியில் மங்கலாக. நடுவே இழைகள். உள்பொருள் சுவரிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. ஜியார்டியா சிஸ்ட் என்று எழுதலாம்.

மூன்று சாம்பிளிலும் இல்லாமல், அறிகுறி மட்டும் தொடர்ந்தால் ஆன்டிஜென் சோதனை கேட்கலாம். அது ஜியார்டியாவின் புரதத்தைத் தேடுவதால், முழு உருவம் கண்ணில் படாத நாளிலும் காட்டிக்கொடுக்கும்.

கிரிப்டோஸ்போரிடியம் சாதாரண மோஷன் டெஸ்டில் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. இதன் செயல்நிலைகள் குடல் செல்லின் விளிம்புக்குள்ளேயே இருந்து பெருகுகின்றன. மலத்தில் ட்ரோபோசோயிட்டைத் தேடிப் பயனில்லை, வெளிவருவது ஊசிஸ்ட் மட்டும். அதுவும் 4 முதல் 6 மைக்ரான்தான், ஒரு சிவப்பணுவைவிடச் சிறியது. சலைனில் அது ஈஸ்ட் மாதிரியே ஒளிரும் ஒரு சிறு உருண்டை. அயோடினும் அதற்குள் ஏறாது.

இதற்கு மாற்றியமைத்த அமிலச் சாயம் போட வேண்டும். காசநோய்க் கிருமிக்குப் போடும் அதே வகைச் சாயம்தான், அமிலத்தின் வீரியம் மட்டும் குறைவு. ஊசிஸ்ட் சிவப்பாக நிற்கும். ஈஸ்டும் மற்ற குப்பையும் பின்னணியின் நீலத்தையோ பச்சையையோ ஏற்றுக்கொள்ளும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் பார்த்தால் சில ஊசிஸ்டுகளுக்குள், குடலில் வெளிவந்து தொற்றும் இளம் கிருமிகளான வளைந்த ஸ்போரோசோயிட்டுகள்கூடத் தெரியும். எல்லா ஊசிஸ்டும் ஒரே அளவு சிவப்பை ஏற்பதில்லை. ஒன்று அடர்சிவப்பாகவும் பக்கத்தில் இருப்பது வெளிறியும் இருக்கும். சிவப்பாக, ஆனால் 8 முதல் 10 மைக்ரான் இருந்தால் அது சைக்ளோஸ்போரா என்ற வேறொன்று. இங்கேயும் அளவுகோல்தான் காப்பாற்றும்.

இந்தச் சாயத்தைப் பல லேபுகள் கேட்டால்தான் போடும். எச்ஐவி உள்ளவர், உறுப்பு மாற்றம் செய்தவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர், நாள்பட்ட பேதியோடு இருக்கும் சிறு குழந்தை என்றால் மருத்துவர் சீட்டில் "கிரிப்டோஸ்போரிடியத்துக்குச் சிறப்புச் சாயம்" என்று எழுதித் தர வேண்டும். சீட்டில் எழுதாததைப் பார்க்கவில்லை என்று லேபைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வேலைக்குச் சேரச் செய்த டெஸ்டில் "எண்டமீபா ஹிஸ்டோலிடிகா சிஸ்ட்" என்று வந்திருக்கிறது. மருந்து சாப்பிடணுமா?

முதலில் அந்தப் பெயரே உறுதியானதில்லை. எண்டமீபா டிஸ்பார் என்று ஓர் இனம் இருக்கிறது. அது நோய் தருவதில்லை, ஆனால் அதன் சிஸ்டும் ஹிஸ்டோலிடிகாவின் சிஸ்டும் மைக்ராஸ்கோப்பில் அச்சு அசல் ஒன்றே. இரண்டு இனம் இருக்கலாம் என்று 1925இலேயே பிரெஞ்சு அறிஞர் புரும்ப்ட் சொன்னார். யாரும் ஏற்கவில்லை. 1993இல்தான் டயமண்டும் கிளார்க்கும் இரண்டையும் முறையாகப் பிரித்து நிறுவினார்கள். அறிகுறி இல்லாமல் சிஸ்ட் வெளியேற்றுபவர்களில் கணிசமானோரிடம் இருப்பது டிஸ்பார்தான்.

ஆகவே நேர்மையான ரிப்போர்ட்டில் "எண்டமீபா ஹிஸ்டோலிடிகா அல்லது டிஸ்பார் சிஸ்ட்" என்று இருக்க வேண்டும். ஹிஸ்டோலிடிகாவுக்கே உரிய ஆன்டிஜென் சோதனையோ, அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையோ செய்தால் எது என்று தெரிந்துவிடும். டிஸ்பார் என்றால் மருந்து வேண்டாம். ஹிஸ்டோலிடிகாவே என்றால் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து வேண்டும். அது பிறகு குடலைத் துளைக்கலாம், மற்றவர்களுக்கும் பரவும்.

மருந்திலும் இந்த இரண்டு நிலைகளின் வித்தியாசம் உண்டு. மெட்ரோனிடசோல் திசுவுக்குள் இருக்கும் ட்ரோபோசோயிட்டை நன்றாகக் கொல்லும்; குடலின் உள்வெளியில் இருக்கும் சிஸ்ட் நிலையை முழுதாக ஒழிக்காது. அதற்கு டைலோக்சனைடு ஃபியூரோயேட், பரோமோமைசின் போன்ற வேறு வகை மருந்து. அமீபாப் பேதிக்கு முதல் மருந்து முடிந்ததும் சிலருக்கு இரண்டாவது மருந்து எழுதித் தரப்படுவது இதனால்தான். பேதி நின்றுவிட்டதே என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். எதை, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ரத்தபேதி என்று போனால் உடனே "அமீபா" என்கிறார்கள். எல்லாமே அமீபாவா?

இல்லை. இது ரொம்ப நாளாக நடக்கும் தவறு. ரத்தத்தோடு போகும் பேதிக்கு ஷிகெல்லா போன்ற பாக்டீரியா பல இடங்களில் அமீபாவைவிடப் பெரிய காரணம். அப்போது மலத்தில் சீழணுக்கள் கொத்துக் கொத்தாக வரும். ஒரு சீழணுவின் உட்கரு பல மடல்களாக இருப்பதால், அவசரத்தில் பார்ப்பவருக்கு அது நான்கு உட்கரு கொண்ட அமீபா சிஸ்ட் மாதிரி தெரியும். மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய அணு இன்னும் மோசம். அதுவும் சிவப்பணுவை விழுங்கும், அளவிலும் ட்ரோபோசோயிட்டை ஒத்திருக்கும். ஆனால் திசை பிடித்து நகராது, உட்கருவும் பெரிதாக, ஒழுங்கற்று இருக்கும்.

அமீபாப் பேதியில் படம் வேறு மாதிரி. சீழணு குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அமீபா அவற்றையே அழித்துவிடுகிறது. சிவப்பணுக்கள் ஒட்டிக் கட்டிகட்டியாக இருக்கும். ஊசி போன்ற சார்கோ லேடன் படிகங்களும் தென்படலாம். இப்படி இருந்தும் நகரும் ட்ரோபோசோயிட் கிடைக்காவிட்டால் நான் ட்ரைக்ரோம் சாயம் போட்ட நிரந்தர ஸ்லைடைப் பார்க்காமல் அமீபா என்று எழுத மாட்டேன். ஹிஸ்டோலிடிகாவின் உட்கருவில் நடுவே சிறு புள்ளியும், ஓரத்தில் சீரான மெல்லிய மணிகளும் அந்த ஸ்லைடில்தான் தெளிவாகத் தெரியும்.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். இப்போது டெஸ்ட் கொடுக்கலாமா?

முடிந்தால் மருந்துக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். மெட்ரோனிடசோலோ வேறு ஆன்டிபயாடிக்கோ எடுத்தால் கிருமி எண்ணிக்கை குறைந்து, இருந்தும் இல்லாததுபோல் காட்டும். மருந்து முடிந்து இரண்டு வாரமாவது கழித்துப் பார்ப்பது நல்லது. பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். ஸ்லைடு முழுக்க அதன் துகள்தான் தெரியும். மருந்தை நிறுத்திவிட்டு டெஸ்ட் கொடுக்க வேண்டாம். எடுத்துக்கொண்ட மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்கவைக்க வேண்டும்?

தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். மூன்று கிருமியின் உறைநிலையும் செத்துவிடும். உயரமான மலைப்பகுதியில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே மூன்று நிமிடம். வடிகட்டி வாங்குவதானால் துளை அளவு 1 மைக்ரானோ அதற்குக் கீழோ என்று உறுதிசெய்யப்பட்டதா என்று பாருங்கள். குளோரின் மாத்திரையை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியம் அப்படியே இருக்கும். கொதித்த தண்ணீரில் வெளியே வாங்கிய ஐஸைப் போட்டுவிடாதீர்கள்.